வாழைப்பழம் காட்டிக்கொடுத்த பிழை

என்னிடம் ஹிந்தி படிக்கும் வங்கி ஊழியர் ஒருவர் லக்னோவுக்கு மாற்றலாகிப் போகிறார். முந்தைய நாள் என்ன செய்தீர்கள் என்று எழுதி வரச் சொன்னேன். ஐந்து வாக்கியம் எழுதி வந்தார்.

“கல் மைன் பாஜார் கயீ. மைன் ஏக் கிதாப் கரீதீ. மைனே ஏக் கேலா காயீ. மைனே கர் ஆயீ. மைனே பஹன் கோ புலாயீ.”

நேற்று கடைத்தெருவுக்குப் போனேன், ஒரு புத்தகம் வாங்கினேன், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்தேன், தங்கையைக் கூப்பிட்டேன். இவ்வளவுதான் கதை. முதல் வாக்கியத்தில் பிழை இல்லை. இரண்டாவதில் ‘மைன்’ என்பது ‘மைனே’ என்று இருக்க வேண்டும், ‘கரீதீ’ சரிதான். ஆனால் அது எப்படிச் சரியாக வந்தது என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. மூன்றாவது வாக்கியத்து வாழைப்பழம் அதைத் தீர்த்துவைத்தது. ‘காயீ’யை ‘காயா’ என்று திருத்தினேன்.

“நான் பொம்பளைதானே டீச்சர்? காயீன்னுதானே வரணும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ‘போனேன்’ என்று பெண் சொன்னால் ‘கயீ’, ஆண் சொன்னால் ‘கயா’. அங்கே வினை எழுவாயைப் பார்க்கிறது. ஆனால் சாப்பிடுவது, வாங்குவது போலச் செயப்படுபொருள் உள்ள வினை, நடந்து முடிந்ததாகச் சொல்லப்படும்போது, எழுவாயோடு ‘நே’ சேரும். நே சேர்ந்தவுடன் வினை எழுவாயை விட்டுவிட்டுச் செயப்படுபொருளைப் பார்க்கத் தொடங்கிவிடும். கேலா ஆண்பால், சாப்பிட்டது யாராக இருந்தாலும் ‘காயா’. கிதாப் பெண்பால்; அப்பா வாங்கினாலும் ‘கரீதீ’தான். என் மாணவி தன்னை நினைத்து ‘கரீதீ’ என்று எழுதினார். புத்தகமும் பெண்பாலாக இருந்ததால் அந்தப் பிழை வெளியே தெரியவில்லை. பெண்பால் சொற்களை மட்டும் வைத்துப் பெண்களைச் சோதிக்கும் ஆசிரியருக்கு இது கடைசிவரை தெரியாமலே போகலாம்.

நமக்கு இது விசித்திரமாகப் படுவதில் வியப்பில்லை. ‘வாங்கினேன்’ என்ற ஒரே சொல்லில் வாங்கியவர் யார் என்பது தெரிந்துவிடும். வாங்கிய பொருள் அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. ஆனால் ‘என்னால் புத்தகம் வாங்கப்பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பட்டது’ என்ற முடிவு புத்தகத்துக்கு உரியது. சம்ஸ்கிருதத்தில் ‘மயா புஸ்தகம் படிதம்’ என்று, ‘என்னால் படிக்கப்பட்டது’ என்ற பொருளில் சொல்லும் வழக்கம் இருந்தது. ஹிந்தியின் இறந்தகால வினை அந்த எச்சத்திலிருந்து வளர்ந்தது. இன்றைய ஹிந்தியில் ‘மைனே கிதாப் கரீதீ’ சாதாரணச் செய்வினைதான். செயப்பாட்டுவினைக்குத் தனி வடிவம் உண்டு. ஆனால் வினை பொருளோடு ஒத்துப்போகும் பழைய பழக்கம் மட்டும் விடவில்லை. இந்த அமைப்பைத்தான் மொழியியலில் எர்கேட்டிவ் என்கிறார்கள்.

நான்காவது வாக்கியம் வேறு வகைப் பிழை. நே கற்ற புதிதில் இறந்தகாலம் என்றாலே அதைப் போட்டுவிடுவார்கள். வருவதற்குச் செயப்படுபொருள் இல்லை. ஆகவே ‘மைன் கர் ஆயீ’. ‘லானா’ என்றால் கொண்டுவருவது. செயப்படுபொருள் உண்டு, ஆனாலும் நே வராது. எடுத்து (லே), வா (ஆனா) என்ற இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் அது. அதனால் வருவதைப் போலவே நடந்துகொள்கிறது. ‘பூல்னா’, அதாவது மறப்பதும், நே ஏற்காது. இவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஐந்தாவது வாக்கியத்தில் தங்கைக்குப் பின்னால் ‘கோ’ நிற்கிறது. எழுவாயை நே மறைத்துவிட்டது. செயப்படுபொருளைக் கோ மறைத்துவிட்டது. பார்க்க யாரும் இல்லாத வினை ஆண்பால் ஒருமையிலேயே நின்றுவிடும். ஒரு தங்கையைக் கூப்பிட்டாலும் பத்துத் தங்கைகளைக் கூப்பிட்டாலும் ‘புலாயா’தான்.

விதி புரிந்தபிறகும் ஒரு தொல்லை மிச்சமிருக்கும். எந்தப் பொருள் எந்தப் பால் என்று தெரிய வேண்டும். நமக்குப் புத்தகமும் பழமும் அஃறிணை, அத்தோடு சரி. ஹிந்தியில் ‘ஈ’யில் முடிந்தால் பெண்பால் என்பார்கள். ஆனால் பானீ, கீ, தஹீ, அதாவது தண்ணீர், நெய், தயிர் மூன்றும் ஆண்பால். ‘ஆ’வில் முடிந்தும் ஹவா, தவா, அதாவது காற்றும் மருந்தும், பெண்பால். மெய்யில் முடியும் சொற்களில் அந்த அரைகுறை உதவியும் கிடையாது: கர் ஆண்பால், கிதாப் பெண்பால்.

லக்னோவைச் சுற்றிய கிராமங்களில் பேசும் அவதியில் இந்த நே கிடையாது, போஜ்புரியிலும் கிடையாது. அந்த மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பலர் ஹிந்தி பேசும்போதும் நேயை விட்டுவிடுவதுண்டு. அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம் என்று மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் நே வேண்டும்.

நீங்களும் ஹிந்தி படிப்பவரானால், புதுச் சொல்லைத் தனியாக எழுதிக்கொள்ளாதீர்கள். ‘அச்சா கேலா’, ‘அச்சீ கிதாப்’ என்று அடைமொழியோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள்.