லாபம் கூடியது; இ.பி.எஸ். ஏன் குறைந்தது?

ஆண்டறிக்கையைக் கையில் எடுக்கும் முதலீட்டாளர்கள் பலர் முதலில் தேடுவது இ.பி.எஸ். எனப்படும் 'பங்கு ஒன்றுக்கான வருவாய்'. லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் எந்த லாபத்தை, எந்த எண்ணிக்கையால் வகுப்பது? ஒரு கற்பனை நிறுவனத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

அந்தச் சிறு நிறுவனத்தின் நிகர லாபம் 2023-24இல் 1 கோடியே 10 லட்சம் ரூபாய். 2024-25இல் அது 1 கோடியே 20 லட்சமாக உயர்ந்தது. சாதாரணப் பங்குகள் 10 லட்சம். இவை தவிர, 10 சதவீத ஈவுத்தொகை கொண்ட முன்னுரிமைப் பங்குகள் 2 கோடி ரூபாய்க்கு இருக்கின்றன.

முதலில் லாபத்தை எடுத்துக்கொள்வோம். முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் சேர வேண்டும். அவர்களுக்குப் போக மிஞ்சும் 1 கோடிதான் சாதாரணப் பங்குதாரர்களுடையது. அந்த ஈவுத்தொகை நிலுவையாகச் சேரும் வகை என்றால், இந்த ஆண்டு அறிவிக்காமல் விட்டிருந்தாலும் 20 லட்சத்தைக் கழித்தே ஆக வேண்டும். போன ஆண்டு நிலுவையை இந்த ஆண்டு கொடுத்தால் அதை மறுபடி கழிக்கக் கூடாது; அது போன ஆண்டுக் கணக்கிலேயே கழிந்துவிட்டது. நிலுவை சேராத வகையாக இருந்தால், அறிவித்த தொகையை மட்டும் கழித்தால் போதும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நிறுவனம் ஏ.எஸ். 20 என்ற தரநிலையைப் பின்பற்றுகிறது. இண்ட் ஏ.எஸ். முறைக்கு மாறிய பெரிய நிறுவனங்களில், கட்டாயம் திருப்பித் தர வேண்டிய முன்னுரிமைப் பங்குகள் பெரும்பாலும் கடனாகவே கருதப்படும். அவற்றின் ஈவுத்தொகை வட்டியைப் போல நிதிச் செலவில் ஏற்கெனவே கழிந்திருக்கும். அதைத் தெரியாமல் நாமும் கழித்தால் ஒரே தொகை இரண்டு முறை போய்விடும்.

அடுத்தது எண்ணிக்கை. 2024 அக்டோபர் 1 அன்று நிறுவனம் 4 லட்சம் புதிய பங்குகளைச் சந்தை விலைக்கு விற்றது. அந்தப் பணம் நிறுவனத்துக்காக உழைத்தது அரை ஆண்டுதான். ஆகவே அந்த 4 லட்சத்தை 2 லட்சமாகத்தான் எண்ண வேண்டும். ஆண்டுச் சராசரி 12 லட்சம். பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் இதே முறைதான். எஞ்சிய மாதங்களுக்கு மட்டும் குறைக்க வேண்டும்.

பிறகு 2025 பிப்ரவரி 1 அன்று ஒன்றுக்கு ஒன்று போனஸ். பலரும் தடுமாறும் இடம் இது. போனஸும் பிப்ரவரியில்தானே வந்தது என்று 14 லட்சத்தை இரண்டு மாதத்துக்கு மட்டும் எண்ணினால், இ.பி.எஸ். ஏறக்குறைய 7 ரூபாய் என்று வரும். அது தவறு. போனஸால் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடப் புதிதாக வரவில்லை. இருந்த உரிமைதான் இரண்டாகப் பிரிந்தது. எனவே ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அது இருந்ததாகக் கொள்ள வேண்டும். 12 லட்சம் 24 லட்சமாகும். 1 கோடியை 24 லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது 4 ரூபாய் 17 காசு.

போன ஆண்டு எண்ணையும் இதே போனஸுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அப்போது 90 லட்சத்தை 10 லட்சத்தால் வகுத்து 9 ரூபாய் என்று அச்சிட்டிருப்பார்கள். இப்போது அது 4 ரூபாய் 50 காசு. பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, வருவாய் பாதிக்கும் கீழே சரிந்ததுபோல் தெரியும். உண்மையான சரிவு சுமார் 7 சதவீதம். லாபம் 9 சதவீதம் கூடியும் இந்தச் சரிவு ஏன்? பங்குகளின் சராசரி எண்ணிக்கை 20 சதவீதம் கூடியதுதான் காரணம்.

மொத்த லாபத்தை ஆண்டு இறுதியில் உள்ள 28 லட்சம் பங்குகளால் வகுத்தால் 4 ரூபாய் 29 காசு வரும். சரியான விடைக்கு மிக அருகில் இருப்பதால் இதை நம்பிவிடத் தோன்றும். முன்னுரிமை ஈவுத்தொகையைக் கழிக்காத பிழை விடையைக் கூட்டியது. இறுதி எண்ணிக்கையால் வகுத்த பிழை அதைக் குறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன, அவ்வளவுதான். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இ.பி.எஸ். கணக்கு தனியாக இருக்கும். எந்த லாபம், எத்தனை பங்குகள் என்று அங்கே பார்த்துவிட்டால் இப்படி ஏமாற வேண்டியதில்லை.

4 ரூபாய் 17 காசு சரியான விடைதான். ஆனால் அது முடிந்துபோன ஆண்டைப் பற்றியது. வரும் ஆண்டில் 28 லட்சம் பங்குகளும் முழு ஆண்டுக்கும் கணக்கில் வரும். லாபம் மாறாவிட்டால் இ.பி.எஸ். 3 ரூபாய் 57 காசாக இறங்கிவிடும். பங்கின் விலை 50 ரூபாய் என்றால், வருவாயைப்போல் 12 மடங்கு கொடுத்து வாங்குவதாக இன்று தெரிவது உண்மையில் 14 மடங்கு. புதிய பங்குகள் திரட்டித் தந்த பணம் லாபத்தைக் கூட்டினால்தான் அந்த இடைவெளி குறையும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பணத்தை நிறுவனம் எதில் போட்டிருக்கிறது என்பதுதான்.