10 விநாடி அடி, 20 விநாடி ஓய்வு

ஜெல்லிமீனுக்குச் சொந்தமான ஜி.எஃப்.பி. என்ற பச்சைப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ளும் ஒளிர வைக்கலாம் என்று மார்ட்டின் சால்ஃபியின் குழு 1994-ல் காட்டியது. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் பலர் புரதம் பிரித்தெடுக்கப் பழகுவது இதில்தான். புரதம் இருப்பதோ செல்லுக்குள். செல்லை உடைத்தால்தான் அது வெளியே வரும். உடைக்கும் வேலையைச் செய்வது சோனிகேட்டர்.

இதன் டைட்டானியம் முனை விநாடிக்குச் சுமார் 20,000 முறை அதிர்கிறது. அந்த வேகத்தில் திரவத்துக்குள் நுண்குமிழிகள் தோன்றி, பெருத்து, சட்டென்று நொறுங்குகின்றன. அவை நொறுங்கும் அதிர்ச்சியில் பாக்டீரியாவின் சுவர் கிழிகிறது. கருவி செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மி.லி. பாக்டீரியாக் கரைசலுக்குள் 20 வாட் ஆற்றல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 விநாடியில் அது கிட்டத்தட்ட 5 டிகிரி சூடேறும். குளிர்விக்காமல், நிறுத்தாமல் 3 நிமிடம் ஓட்டினால் ஏற்றம் 80 டிகிரியைத் தாண்டும், புரதம் வெந்துவிடும். அதனால்தான் 10 விநாடி ஓட்டி, 20 விநாடி நிறுத்துகிறார்கள். இப்படி 18 முறை செய்தால் அதிர்வு நேரம் 3 நிமிடம், மொத்த வேலை 9 நிமிடம். அவசரத்தில் பலரும் வெட்டுவது அந்த ஓய்வு நேரத்தைத்தான். வெட்டவே கூடாததும் அதுதான்.

குளிர்விப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் பனிக்கட்டிக்குள் குழாயைச் செருகினால் இடையிடையே காற்று நிற்கும். பனிக்கட்டியோடு தண்ணீரும் சேர்ந்தால்தான் குழாயைச் சுற்றிலும் குளிர் படும். பிளாஸ்டிக் குழாயைவிடச் சிறிய உலோகக் குவளை வெப்பத்தை வேகமாகக் கடத்தும். முனை சுவரையோ அடியையோ தொடக் கூடாது. மேலே வந்துவிட்டால் நுரை பொங்கும். நுரை வந்தால் அதிர்வு திரவத்துக்குள் சரியாக இறங்காது, புரதமும் கெடும். அப்போது நிறுத்தி, நுரை அடங்கவிட்டு, முனையை ஆழமாக இறக்க வேண்டும்.

செல்கள் உடைந்தனவா என்பதற்கு முதல் சாட்சி கண். பால் போன்ற கலங்கல் வெளிறி, ஓரளவு ஒளி ஊடுருவும். முதலில் டி.என்.ஏ. வெளிவருவதால் கரைசல் கோழைபோல் இழுபடும். அதிர்வில் அது துண்டானதும் இளகிவிடும்.

கண்ணை மட்டும் நம்பினால் போதாது. ஒவ்வொரு நிமிட அதிர்வுக்குப் பிறகும் ஒரு துளி எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவில் புரத அளவைப் பார்க்க வேண்டும். உதாரணமாக மி.லி.க்கு 4, 6.5, 7.2, 7.3 மில்லிகிராம் என்று வந்தால், மூன்றாம் நிமிடத்தோடு நிறுத்திவிடலாம். நான்காவது நிமிடம் தருவது சூடு மட்டுமே. அடியில் படிந்த வண்டல் இன்னும் பச்சையாக இருந்தால் இரண்டில் ஒன்று: செல்கள் உடையவில்லை, அல்லது புரதம் கரையாத கட்டியாகக் கிடக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் முழு உருளை வடிவச் செல்கள் தெரிந்தால் முதல் காரணம்.

தெளிவு பளிச்சென்று பச்சையாக இருந்தாலும் சூடேறவில்லை என்று அர்த்தமில்லை. ஜி.எஃப்.பி. 60 டிகிரியையும் பெரும்பாலும் தாங்கிவிடும். மென்மையான நொதிகள் பல தாங்காது. ஜி.எஃப்.பி.க்கு ஒத்துவந்த அமைப்பை அப்படியே ஒரு நொதிக்குப் போட்டால், புரத அளவு நன்றாகவே காட்டும், வேலைத்திறன் மட்டும் விழுந்திருக்கும். அத்தகைய நொதிக்கு ஓய்வு நேரத்தில் வெப்பமானியை இறக்கிப் பார்த்து, 10 டிகிரிக்கு மேல் போனால் ஓய்வை 30 விநாடிக்கோ அதற்கு மேலோ நீட்டுகிறார்கள்.