ஒரே ‘டேய்’: ஓரிடத்தில் சிரிப்பு, ஓரிடத்தில் நடுக்கம்

‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மிச்சம் ஒன்றை நீட்டுகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். எப்படி மாற்றிக் கேட்டாலும் அதே பதில். கேட்கக் கேட்கக் கவுண்டமணியின் குரல் ஏறுகிறது, வசவு வருகிறது, கடைசியில் அடியும் விழுகிறது.

நடப்பதை மட்டும் தாளில் எழுதிப் பார்த்தால் இது ஒரு வில்லன் காட்சி. பணம் கொடுத்தவன், ஏமாற்றியவன், விசாரணை, அதட்டல், உதை. கணக்கில் கைவைத்த அடியாளை ஒரு தாதா விசாரிப்பதும் இப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே யாரும் பயப்படுவதில்லை.

காரணம், வசவு வந்து விழும் இடம். கவுண்டமணி வாயைத் திறந்து திட்டும்போது ஏற்கெனவே தோற்றுவிட்டார். பழம் செந்திலின் வயிற்றுக்குள் போயாயிற்று. பேச்சிலும் அவரை மடக்க வழியில்லை. செந்தில் குரலை உயர்த்துவதில்லை, ‘அண்ணே’ என்ற மரியாதையையும் விடுவதில்லை. அந்தப் பணிவுதான் எதிராளியை மேலும் கொதிக்க வைக்கிறது. இந்த ஜோடியின் பல காட்சிகளுக்கு இதுவே சூத்திரம்: திட்டு எவ்வளவு நீளமோ, திட்டுகிறவரின் கையாலாகாத்தனமும் அவ்வளவு. அடி வாங்கியவர் அடுத்த காட்சியில் ஒரு கீறலும் இல்லாமல் அடுத்த வம்புக்கு வந்து நிற்பார்.

வில்லன் இதைத் தலைகீழாகச் செய்கிறான். ‘கில்லி’ (2004) படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த முத்துப்பாண்டி, தான் துரத்தும் தனலட்சுமியைக் கூப்பிடுவது ‘செல்லம்’ என்று. வீட்டில் குழந்தையைக் கொஞ்சும் சொல். அதில் வசவு துளியும் கிடையாது. ஆனாலும் த்ரிஷாவின் முகத்தில் இரத்தம் வற்றுகிறது. அவளுடைய குடும்பத்திலேயே கொலை செய்துவிட்டு வந்தவன் அவன் என்பது அவளுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். அவன் கத்த வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்சலுக்குப் பின்னால் எதையும் செய்யக்கூடிய ஆள் இருக்கிறான் என்பதால், சொல் எவ்வளவு மெதுவாக வருகிறதோ அவ்வளவு கிலி.

அவள் பதில் சொல்லவும் முடியாது. செந்திலுக்கு இருக்கும் ‘அண்ணே’ போன்ற தப்பும் வழி எதுவும் அவளுக்கு இல்லை. நகைச்சுவைக் காட்சியில் இருவர் பேச்சும் பந்தாட்டம் போலப் போய்ப்போய் வரும். வில்லன் காட்சியில் பந்து ஒருவன் கையிலேயே இருக்கும். கேமராவும் அதற்கேற்பத்தான் நிற்கிறது. வாழைப்பழக் காட்சியில் இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். மிரட்டல் காட்சியிலோ, மிரட்டப்படுகிறவரின் முகத்தை அருகில் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

முத்துப்பாண்டியே இந்தக் கோட்டைத் தாண்டியும் வருகிறான். விஜய் நடித்த வேலு அவனை அடித்துத் தனலட்சுமியை மீட்டுக்கொண்டு போன பிறகு, அவன் ஆத்திரத்தில் பேசுவதற்குச் சிரிப்பும் கிடைக்கிறது. ஆளும் அதே ஆள், வாயும் அதே வாய். கை மட்டும் தாழ்ந்துவிட்டது.

இதையே ஒரு முழுப் படத்தின் கதையாக்கினார் கார்த்திக் சுப்பராஜ். ‘ஜிகர்தண்டா’ (2014) படத்தில் மதுரையே நடுங்கும் ரவுடி அசால்ட் சேதுவாக பாபி சிம்ஹா வருகிறார். தன் கதையில் தானே நாயகனாக நடிக்கிறான் சேது. அவனால் நெருக்கடிக்கு ஆளாகும் இயக்குநர், படத்தை நகைச்சுவையாக முடித்து வெளியிட்டுவிடுகிறான். சேது வீரம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் திரையில் கேலியாகிறது, தியேட்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறது. வெளியே அவன் இன்னமும் கொலை செய்யக்கூடியவன்தான். திரையில் இருக்கும் சேதுவால் மட்டும் யாரையும் எதுவும் செய்ய முடியாது.

கவுண்டமணி பாணி வசவுகளில் பாதி தலையின் வடிவத்தையும் நிறத்தையும் உடம்பையும் குறிவைத்தவை. படத்தில் அவற்றைத் தாங்கும் செந்திலுக்கு எப்போதும் ஒரு பதிலடி உண்டு. அதே பட்டப்பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்கு நாலு பேர் சேர்ந்து சூட்டும்போது கதை மாறுகிறது. பையன் திருப்பிச் சொன்னால் அடி விழும் என்று அவனுக்குத் தெரியும். சிரிக்காமல் இருந்தாலும் விழும். சொல் கவுண்டமணியுடையதாக இருக்கலாம், காட்சி முத்துப்பாண்டியுடையது.