பென்சில் தேதி, பேனா தேதி

தடுப்பூசி அட்டையைப் படம் பிடித்து அனுப்பினால், அதில் முதலில் தேட வேண்டியது ஊசியின் பெயரல்ல, கட்டத்தில் இருக்கும் தேதி எந்த வகைத் தேதி என்பதே. அட்டையில் இரண்டு விதத் தேதிகள் கலந்து கிடக்கும். ஒன்று, ஊசி போட்ட நாள். மற்றொன்று, அடுத்து வரச் சொன்ன நாள். கிராம சுகாதார செவிலியர் சிலர் வரச் சொன்ன நாளைப் பென்சிலில் லேசாகக் குறித்துவிட்டு, போட்ட பிறகு பேனாவால் எழுதுவார்கள். நேரில் பார்த்தால் இரண்டும் தெளிவாக வேறுபடும். வாட்ஸ்அப்பில் மூன்று கை மாறி வந்த படத்தில் இரண்டுமே ஒரே சாம்பல் கோடாகத் தெரியும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இந்தப் படங்களுக்குத் தேவை அதிகம். பிரசவத்துக்குத் தாய் வீடு போன பெண் அங்கே முதல் ஊசிகளைப் போட்டுக்கொண்டு, பிறகு கணவர் ஊருக்குத் திரும்புகிறார். வேலைக்காகச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்வரும் குடும்பங்களில் அட்டை ஓர் ஊரில் இருக்க, பிள்ளை வேறோர் ஊரில் இருக்கும். பிக்மி எண்ணைத் தட்டினால் கணினியில் எல்லாம் வந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. வந்தால் நல்லதுதான், வராத அன்று கையில் இருப்பது அந்தப் படம் மட்டுமே.

2024 மார்ச் 5 அன்று பிறந்த குழந்தை ஒன்றின் அட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பிறந்த அன்று போட்ட பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மூன்றும் தெளிவாக இருக்கின்றன. அடுத்த வரிசை ஆறு வார ஊசிகள்: பென்டா ஒன்று, போலியோ சொட்டு ஒன்று, ரோட்டா ஒன்று, போலியோ ஊசி ஒன்று, நிமோனியாவுக்கான பி.சி.வி. ஒன்று. பென்டா கட்டத்தில் உள்ள தேதி மங்கலாக இருக்கிறது, 11.4.24 என்றும் 17.4.24 என்றும் படிக்கலாம். இதைத் தீர்க்க மூன்று வழிகள் அட்டையிலேயே இருக்கின்றன. ஒரே நாளில் போடுபவை என்பதால் பக்கத்துக் கட்டங்களிலும் அதே தேதி இருக்க வேண்டும். ரோட்டா வரிசையில் 17 தெளிவாக இருந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும். இரண்டாவது, வயது. மார்ச் 5இலிருந்து ஆறு வாரம் முடிவது ஏப்ரல் 16. ஏப்ரல் 11 என்றால் குழந்தைக்கு 37 நாள்தான், ஊசிக்கு இன்னும் நாள் ஆகவில்லை. மூன்றாவது, கிழமை. தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசி நாள் வழக்கமாகப் புதன்கிழமை. 2024 ஏப்ரல் 17 புதன். ஏப்ரல் 11 வியாழன், அதுவும் ரம்ஜான் விடுமுறை. ஆகவே 17தான்.

கிழமைச் சோதனை எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனையில் எந்த நாளிலும் போடுவார்கள். அங்கே தரும் அட்டையில் ஊசிகளின் பெயரும் கணக்கும் வேறு மாதிரி இருக்கும்.

இப்போது இடைவெளிக்கு வரலாம். பென்டா ஊசிகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம், அதாவது 28 நாள் இருக்க வேண்டும். ஏப்ரல் 17உடன் 28 சேர்த்தால் மே 15. செவிலியரும் இரண்டாவது பென்டாவுக்கு 15.5.24 என்று பென்சிலில் குறித்திருக்கிறார். ஆனால் குழந்தைக்கு அன்று காய்ச்சல். தாய் அழைத்து வரவில்லை. அடுத்த புதன், மே 22 அன்று போட்டார்கள். பேனாவில் 22.5.24 என்று எழுதியிருக்கிறது. படத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில், ஒன்றின் மேல் ஒன்று.

அவசரத்தில் மேலே உள்ள மே 15ஐப் போட்ட நாளாகப் படித்தால், மூன்றாவது பென்டாவின் நாள் ஜூன் 12 என்று வரும். நிஜத்தில் மே 22இலிருந்து ஜூன் 12 வரை 21 நாள்தான். ஒரு வாரம் குறைவு. அன்று 14 வாரமும் முடிந்திருக்கும் (அது முடிவது ஜூன் 11) என்பதால், வயதை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தவறாகத் தோன்றாது. சரியான நாள் ஜூன் 19, அதுவும் புதனே. தாமதம் வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். முன்கூட்டிப் போடுவதுதான் வில்லங்கம். அட்டையைப் படிப்பவர் செய்யக்கூடிய தவறுகளில் வரச் சொன்ன நாளைப் போட்ட நாளாக எடுத்துக்கொள்வதைவிட மோசமானது இல்லை என்று அடித்துச் சொல்லலாம், ஏனென்றால் பட்டியலாக எழுதிய பிறகு அது பார்க்க அத்தனை ஒழுங்காக இருக்கும்!

எனவே பட்டியல் எழுதும்போது வரச் சொன்ன நாளுக்கும் போட்ட நாளுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். போட்ட நாள் பத்தியில் கையெழுத்தோ தடுப்பூசியின் பேட்ச் எண்ணோ பக்கத்தில் இருக்கும் தேதியை மட்டுமே சேர்க்க வேண்டும். அடுத்த ஊசிக்கான கணக்கு இந்தப் பத்தியிலிருந்துதான் தொடங்கும். அட்டையில் அச்சிட்ட வாரக்கணக்கு, குழந்தை நேரத்துக்கு வந்தால்தான் பொருந்தும்.

ஒன்பது மாத வரிசையில் வேறொரு சிக்கல். இந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைவது டிசம்பர் 5; ஊசி போட்டது அடுத்த புதன், 11.12.24. எம்.ஆர். எனப்படும் தட்டம்மை-ருபெல்லா ஊசி முதல் தவணை, பி.சி.வி. கூடுதல் தவணை இரண்டும் கட்டத்தில் இருக்கின்றன. போலியோ ஊசியின் மூன்றாம் தவணை 2023 ஜனவரியில் நாடு முழுவதும் சேர்க்கப்பட்டது. பழைய அச்சு அட்டையில் அதற்குக் கட்டமே கிடையாது. ஓரத்தில் கையால் எழுதியிருப்பார்கள். படத்தை ஓரம் வெட்டி அனுப்பினால் அந்த ஊசி பட்டியலிலிருந்து காணாமல் போகும்.

ஜே.இ. கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூரில். நெல்வயல் நீரில் பெருகும் கொசுவால் பரவும் நோய் இது. அதற்கான ஊசியை எல்லா மாவட்டத்திலும் போடுவதில்லை. பாதிப்புள்ள மாவட்டங்களில் மட்டும் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. விழுப்புரம் அந்தப் பட்டியலில் உள்ள மாவட்டம். ஊசி இல்லாத மாவட்டத்தில் தாய் வீடு இருந்து, ஒன்பதாம் மாதம் அங்கே போட்டிருந்தால் கட்டம் காலியாக இருப்பது இயல்பு. இங்கேயே போட்டு எழுத மறந்ததாகவும் இருக்கலாம். படம் இதைச் சொல்லாது. அதனால் பட்டியலில் 'போடவில்லை' என்று எழுதக் கூடாது; 'பதிவு இல்லை, செவிலியரிடம் கேட்க' என்று எழுத வேண்டும்.

இதே போல, போலியோ முகாமில் கொடுத்த சொட்டு அட்டையின் தவணைகளில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. சுண்டு விரலில் மை இருந்ததை வைத்துக் கட்டத்தை நிரப்ப முடியாது.

இந்தக் குழந்தைக்கு 16 மாதம் நிறைவது 2025 ஜூலை 5. அதன் பின் வரும் முதல் புதன் ஜூலை 9. எம்.ஆர். இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு ஊக்கத் தவணை ஆகியவை அன்றைய கணக்கு. ஜே.இ. பற்றிய கேள்வியை அதற்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும். கேட்கும்போது அட்டையை வெயில் படாத வெளிச்சத்தில் விரித்து, பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, முன்பக்கமும் பின்பக்கமும் ஓரம் தெரியத் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்புங்கள்.