டீலரா, தெரு முனை மெக்கானிக்கா: ஒரு வருஷக் கார் கணக்கு

சின்ன பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் போகும் வீட்டு வண்டி. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடி, இப்போது 40,000-ஐத் தொட்டிருக்கிறது. கம்பெனி வாரன்டி முடிந்துவிட்டது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய சர்வீஸ் இது. டயரிலும் பட்டன் தேய்ந்துவிட்டது. செலவு மொத்தமாக வந்து விழும் வருஷம் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வருஷம் கிடையாது. கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்த ஏறக்குறைய விலைகள்தான். ஊருக்கும் வண்டிக்கும் தக்கபடி மாறும். பணம் எந்த இடத்தில் கூடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் டீலரின் சர்வீஸ் சென்டர். எஞ்சின் ஆயில் 1,800 ரூபாய், ஆயில் ஃபில்டரும் வாஷரும் 150, ஏர் ஃபில்டர் 350, நான்கு ஸ்பார்க் பிளக் 800, பிரேக் ஆயில் 400, லேபர் வரியோடு 2,200. ஆக 5,700. வாட்டர் வாஷ் இதிலேயே அடக்கம். அலைன்மென்ட், பேலன்சிங், டயர் இடம் மாற்றுவது எல்லாம் சேர்த்து இன்னொரு 1,100.

இதோடு எஸ்டிமேட் முடிந்துவிடுவதில்லை. சர்வீஸ் அட்வைசர் பேச்சோடு பேச்சாக, "சார், ஏசி கிருமிநீக்கம் போட்டுடலாமா? த்ராட்டில் பாடி கிளீனிங்கும் பண்ணிட்டா மைலேஜ் நல்லா இருக்கும்" என்று கேட்பார். நாம் தலையாட்டினால் ஏசிக்கு 900, த்ராட்டில் கிளீனிங்குக்கு 1,400, எஞ்சின் மேல் பூச்சுக்கு 500, உள்ளே சுத்தம் செய்து பாலிஷ் போட 1,600 என்று 4,400 ரூபாய் ஏறிவிடும். பில் 11,200-க்குப் போய்விடுகிறது.

இந்த நான்கும் கம்பெனியின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கிறதா என்று வண்டியோடு கொடுத்த கையேட்டில் பாருங்கள். எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று அதில் கட்டம் போட்டிருக்கும். அட்டவணையில் இல்லாத வேலை தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏசியில் வாடை வந்தால் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஐட்லிங்கில் எஞ்சின் தடுமாறினால் த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பார்க்கலாம். ஒரு குறையும் தெரியாத வண்டிக்கு இந்த வேலைகள் எதற்கு? ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இவற்றை அடிக்கச் சொல்லிவிடலாம். அதற்காக யாரும் வாரன்டியை மறுக்க மாட்டார்கள்.

இனி வெளி மெக்கானிக். அதே கம்பெனி ஃபில்டர், பிளக், அதே கிரேடு ஆயில், பிரேக் ஆயில் ஆகியவற்றை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாமே வாங்கிப் போனால் 3,050 ரூபாய் ஆகும். லேபர் 950. வாட்டர் வாஷ் தனியாக 400. மொத்தம் 4,400. உதிரிபாகம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே விலைதான். வித்தியாசத்தில் பெரும்பகுதி லேபரில் இருக்கிறது. தேவையில்லாத வேலைகளை அடித்துவிட்ட டீலர் பில்லோடு ஒப்பிட்டால் மிச்சம் 1,300 ரூபாய்தான்.

இந்த 1,300-ஐ ஆயில் ஒன்றே விழுங்கிவிடக்கூடும். இப்போது வரும் சின்ன பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில் வேண்டும். சில ஒர்க் ஷாப்களில் பழைய வண்டிகளுக்கான 20டபிள்யூ-40 ஆயிலை டிரம்மிலிருந்து பிடித்து எல்லா வண்டிக்கும் ஊற்றுவார்கள். அந்தக் கெட்டியான ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். அதனால் கேனின் சீல் உங்கள் கண்முன்னே உடைய வேண்டும். பழைய ஃபில்டரையும் பிளக்கையும் கையில் வாங்கிப் பாருங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாரா என்று கேளுங்கள். பழைய வாஷரையே போட்டு முறுக்கினால், இரண்டு நாளில் வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஆயில் சொட்டு தெரியும்.

டயருக்கு வருவோம். 165/80 ஆர் 14 அளவு டயர் டீலரிடம் ஒன்று 5,200 என்று வைத்தால் நான்குக்கு 20,800. வால்வு, பேலன்சிங், அலைன்மென்டுக்கு 1,600 சேர்த்து 22,400. டயர் கடையில் அதே அளவு 4,500 வீதம் 18,000. பழைய டயருக்கு 800 கழித்து, மற்ற வேலைக்கு 1,000 சேர்த்தால் 18,200. மிச்சம் 4,200. டயர் கடைக்காரருக்கு நாலைந்து பிராண்டுகளில் சரக்கு ஓடுகிறது, எதிர்க்கடையோடு போட்டியும் இருக்கிறது. அதனால் அங்கே பேரம் படியும். பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

கடையில் டயரைக் கையில் எடுத்ததும் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கம் 1225 என்றிருந்தால் அது 2025-ஆம் வருஷத்தின் 12-ஆவது வாரம் தயாரானது. தள்ளுபடி அதிகமாகத் தெரிந்தால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; ஒன்றிரண்டு வருஷம் கோடவுனில் கிடந்த சரக்காக இருக்கலாம். நான்கு டயரிலும் பாருங்கள், ஒன்றில் மட்டும் பழைய எண் இருப்பதுண்டு.

அலைன்மென்டில் இன்னொரு செலவு நுழையும். "கேம்பர் அவுட், தனியா சரி பண்ணணும்" என்பார்கள். சின்ன கார்கள் பலவற்றில் முன் சக்கரத்தின் டோ ஒன்றைத்தான் சாதாரணமாகத் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பருக்குத் திருகு கிடையாது. பள்ளத்தில் விழுந்து ஏதாவது வளைந்திருந்தால்தான் அது மாறும். பழைய டயரின் உள் ஓரம் மட்டும் வழித்தது போலத் தேய்ந்திருந்தால் அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். டயர் சீராகத் தேய்ந்திருந்தால் சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த கம்ப்யூட்டர் பிரின்டைக் கேளுங்கள். கம்பெனி வைத்த எல்லையும் அதிலேயே இருக்கும். எல்லைக்குள் இருந்தால் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் டீலரிடமே விட்டால் 11,200-ம் 22,400-ம் சேர்ந்து 33,600. அதில் அலைன்மென்டுக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. டயர் மாற்றப்போகும் மாதத்தில் தேய்ந்த டயருக்கு அலைன்மென்ட் பார்ப்பது வீண். சர்வீஸும் டயரும் வெளியிலேயே என்றால் 22,600. சர்வீஸை மட்டும் டீலரிடம், அதுவும் அட்டவணைப்படி 5,700-க்குச் செய்துகொண்டு, டயரைக் கடையில் போட்டால் 23,900. முதல் கணக்குக்கும் இதற்கும் 9,700 ரூபாய் வித்தியாசம். அதற்கு மேல் டீலரையே விட்டுவிட்டுப் போனால் கூடுதலாகக் கிடைப்பது அந்த 1,300.

நல்ல மெக்கானிக் பழக்கத்தில் இருந்தால் அந்த 1,300-ஐயும் மிச்சம் பிடிக்கலாம். புதிதாகத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழிதான். கூடுதல் வாரன்டி வாங்கியவர்கள் அது முடியும்வரை சர்வீஸை டீலரிடமே வைத்துக்கொள்வது நல்லது. வெளியில் ரிப்பேர் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் கியர்பாக்ஸ் போன பிறகு அந்த வாதத்தை கவுன்டரில் நின்று பேச வேண்டியவர் நீங்கள். டயருக்கு இந்தக் கவலை கிடையாது. அதற்குத் தயாரிப்பு நிறுவனம் தனியாக வாரன்டி தருகிறது. கடை பில்லையும் வாரன்டி அட்டையையும் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்தால் போதும்.