எண்ணெய், கோல்டு கிரீம், கிளென்சிங் மில்க்: வறண்ட தோலைக் கழுவ மூன்று பழைய வழிகள்

மதுரையில் நாடக நடிகர்கள் அரிதாரம் கலைக்கத் தேங்காயெண்ணெயைத்தான் தேடுவார்கள். விடிய விடிய ஆடிய முகத்தில் எண்ணெயைத் தேய்த்து, பழைய துணியால் வழித்து எடுத்து, அதற்குப் பிறகுதான் தண்ணீருக்குப் போவார்கள். அந்தப் பூச்சே எண்ணெயில் குழைத்தது என்பதால் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும். மேற்கத்திய நாடக மேடைகளில் இதே வேலையைச் செய்தது கோல்டு கிரீம். பிறகு வீட்டு அலமாரிக்கு வந்தது கிளென்சிங் மில்க். மூன்றும் வேறு வேறு சமாச்சாரம் மாதிரி தெரிந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: எண்ணெயோடு எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். வறண்ட தோல்காரர்கள் இதைப் புரிந்துகொண்டால், எதை வாங்குவது, எப்படித் துடைப்பது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் சோப்பு ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்று பார்க்கலாம். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஓடிவிடாமல் தடுப்பது அதுதான். சோப்புக்கு அழுக்கு எண்ணெய் எது, தோலின் சொந்த எண்ணெய் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். போதாததற்கு, தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். சுமார் 5. சோப்புக் கரைசலோ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். எங்கள் வில்லாபுரம் பக்கம் போர் தண்ணீர் வேறு உப்பு. அதில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் படிவைத் தோலிலும் விட்டுவிடும். கழுவிப் பத்து நிமிஷத்தில் முகம் இழுத்துப் பிடித்தால், சிரிக்கும்போது கன்னம் விறைப்பாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது மூன்றையும் தண்ணீர் அளவுப்படி வரிசையாக வைப்போம்.

தேங்காயெண்ணெயில் தண்ணீரே கிடையாது. முழுக்கக் கொழுப்பு, அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அடுத்தது கோல்டு கிரீம். இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் கேலன் பேரில் சொல்லப்படும் பழைய கலவையில் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் ஆகியவைதான் இருந்தன. பிற்காலத்தில் அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்ற வாய்பாட்டில், 100 கிராமுக்கு மினரல் ஆயில் 56 கிராம், செட்டில் எஸ்டர் மெழுகு 12.5, தேன்மெழுகு 12, தண்ணீர் 19, வெங்காரம் அரை கிராம். அந்த அரை கிராமில்தான் சூட்சுமம். வெங்காரம் தேன்மெழுகில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து கொஞ்சூண்டு சோப்பு உண்டாக்கும். அது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். முகத்தில் தேய்த்ததும் கலவை உடைந்து, தண்ணீர் ஆவியாகி, ஜில்லென்று இருக்கும். பெயரில் ‘கோல்டு’ வந்தது அதனால்தான்.

கிளென்சிங் மில்க் இதற்கு நேர் எதிர். பெரும்பகுதி தண்ணீர், அதற்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. அதனால்தான் பால் மாதிரி ஊற்ற வருகிறது.

கையில் இருப்பது எந்த ரகம் என்று சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கிப் பாருங்கள். கரைந்து வெள்ளையாகப் பரவினால் அது பால் ரகம். திப்பித்திப்பியாக மிதந்தால் பழைய கோல்டு கிரீம் ரகம். இந்தச் சோதனை தேவைப்படுவதற்குக் காரணம், நம் ஊர்க் கடைகளில் ‘கோல்டு கிரீம்’ என்று கிடைப்பதில் பல, குளிர்காலத்தில் பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம்கள். துடைத்து எடுப்பதற்காகச் செய்தவை அல்ல.

தண்ணீர் அளவு ஏன் முக்கியம்? அழுக்கு இரண்டு வகை. சன்ஸ்கிரீன், மேக்கப், தாளிப்புப் புகையின் பிசுக்கு எல்லாம் எண்ணெய் ஜாதி, எண்ணெயில்தான் கரையும். வியர்வை உப்பு தண்ணீர் ஜாதி. மதுரை வெயிலில் நமக்கு இரண்டும் உண்டு. வெறும் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்தால் உப்பு அங்கேயே இருக்கும், அரிக்கவும் செய்யும். கிளென்சிங் மில்க்கில் தண்ணீர் இருப்பதால் இரண்டையும் ஓரளவு எடுக்கும், ஆனால் கெட்டியான பூச்சைக் கலைப்பதில் எண்ணெய் அளவுக்கு வேகம் இல்லை. எண்ணெய் போடுகிறவர்கள் அந்தத் தண்ணீரைத் துணி வழியாகக் கொடுத்துவிடலாம்.

எழுபது தாண்டிய என் அம்மாவுக்கு நான் சொன்ன முறை இது. முகமும் கையும் உலர்ந்திருக்கும்போது அரை டீஸ்பூன் எண்ணெய். ஈர முகத்தில் போட்டால் தண்ணீர்ப் படலம் எண்ணெயை அழுக்கிடம் நெருங்க விடாது. ஒரு நிமிஷம் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி வழிக்க வேண்டும். துணியைத் திருப்பி இன்னொரு முறை. துணியில் கறை வராதபோது நிறுத்திவிடலாம். அம்மா முதலில் நம்பவில்லை. “சோப்புப் போடாம மூஞ்சி எப்படிடா சுத்தமாகும்?” என்றார். துணியில் வந்த பழுப்பைப் பார்த்த பிறகு கேள்வி நின்றது. இரவு மட்டும் இப்படி, காலையில் வெறும் தண்ணீர். இரண்டு வாரத்தில் கன்னத்துச் செதில் அடங்கியது.

அந்தத் துணியை மட்டும் அன்றன்றைக்குச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போட வேண்டும். விட்டால் சிக்கு வாடை அடிக்கும். கெட்டுப்போன எண்ணெயே தோலை எரிச்சல்படுத்தும்.

எண்ணெய் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருந்தால் அது சமையல் எண்ணெயாக விற்கப்படுகிறது என்று அர்த்தம். ‘ஹேர் ஆயில்’ என்று இருந்தால் வாசனையும் வேறு எண்ணெயும் சேர்ந்திருக்கலாம், முகத்துக்கு வேண்டாம். செக்கெண்ணெயும் சரிதான். மார்கழி விடியலில் எண்ணெய் உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், சுமார் 24 டிகிரிக்குக் கீழே அதன் குணமே அதுதான்.

தேங்காயெண்ணெய் வறட்சிக்கு உதவுமா என்று பிலிப்பைன்ஸில் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். 34 பேர், இரண்டு வாரம், தினம் இரண்டு வேளை, தேங்காயெண்ணெய்க்கு எதிரே மினரல் ஆயில். இரண்டுமே தோலின் ஈரத்தை உயர்த்தின. கவனியுங்கள், அது கால்களில் பூசி விட்டுவிட்ட சோதனை, முகம் கழுவிய சோதனை அல்ல. ‘மினரல் ஆயில் கெமிக்கல், ஆகாது’ என்று ஒதுக்குகிறவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பரு வருகிற முகத்துக்குத் தேங்காயெண்ணெய் துவாரத்தை அடைக்கும். மூக்கோரத்திலும் புருவத்திலும் சிவந்து மஞ்சள் செதில் உதிர்ந்தால் அது வெறும் வறட்சியாக இருக்காது. அங்கே வளரும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு இந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள்தான் தீனி. எண்ணெய் போடப் போட செதில் கூடுகிறது என்றால் அதுதான் அடையாளம், உடனே நிறுத்துங்கள். நெற்றியில் ஒரே அளவில் பொரிப்பொரியாக வந்தாலும் அப்படியே. வெடித்து நீர் கசிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தோல் மருத்துவரிடம் போங்கள்.

மற்ற வறண்ட முகங்களுக்கு என் சிபாரிசு எளிது. மேக்கப், சன்ஸ்கிரீன் போட்ட நாளில் எண்ணெய் அல்லது கோல்டு கிரீம், மேலே ஈரத்துணி. வெறும் தூசியும் வியர்வையும் என்றால் வாசனை இல்லாத கிளென்சிங் மில்க் போதும். அதையும் பஞ்சால் துடைத்ததோடு விடாமல் தண்ணீரில் ஒருதரம் அலசிவிடுங்கள், ஏனென்றால் பல பிராண்டுகளில் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதே ஸ்டியரிக் அமிலமும் ட்ரைஎத்தனோலமைனும் சேர்ந்து உண்டாக்கும் ஒருவகைச் சோப்புதான். அது முகத்திலேயே தங்கினால், எதை விட்டு ஓடி வந்தோமோ அதையே பூசிக்கொண்ட கதையாகிவிடும்.