கட்டத்தை எண்ணு, அப்புறம் கணக்குப் போடு!

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் அக்கா மகள், எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வின் இயற்பியல் தாளை என் முன்னால் போட்டாள். "ஃபார்முலா எல்லாம் சரிதான், சித்தி. ஆனா மார்க்குதான் போச்சு!" என்றாள்.

சுருள்வில் கேள்வி அது. நேர்கோட்டு வரைபடம் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. நிற்கும் அச்சில் விசை, நியூட்டனில். படுக்கை அச்சில் நீட்சி, சென்டிமீட்டரில். விசை 2.3 நியூட்டனாக இருக்கும்போது உள்ள நீட்சியைப் படித்து, சுருள்வில் மாறிலியை 'நியூட்டன்/மீட்டர்' அலகில் சொல்ல வேண்டும்.

கோடு 4-ஐத் தாண்டி மூன்று சிறுகட்டத்தில் இருந்தது. 4.3 என்று எழுதி, 2.3-ஐ 4.3-ஆல் வகுத்து, 0.53 என்று முடித்திருந்தாள்.

"இந்த வில்லில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு நீளும்?" என்று கேட்டேன். 100 கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு நியூட்டன். கணக்குப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர்! சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தது அப்போதுதான் தெரிந்தது.

மாற்றிப் போட்டாள். 2.3-ஐ 0.043-ஆல் வகுத்தால் 53.5. நம்பும்படியான விடைதான், ஆனால் அதுவும் தவறு. 2-க்கும் 4-க்கும் இடையே பத்துச் சிறுகட்டங்கள் இருந்தன. அப்படியென்றால் ஒரு கட்டம் 0.1 அல்ல, 0.2. மூன்று கட்டம் 0.6. நீட்சி 4.6 சென்டிமீட்டர், அதாவது 0.046 மீட்டர். சரியான விடை 50.

அலகுப் பிழை கத்திக் காட்டிக்கொடுக்கும். அளவுத்திட்டப் பிழை சத்தமே போடாது. அதனால் அதைக் கணக்குக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

அன்று முதல் அவள் மூன்று காரியம் செய்கிறாள். ஒவ்வொரு அச்சின் ஓரத்திலும் 'ஒரு கட்டம் = இவ்வளவு' என்று பென்சிலால் எழுதுகிறாள். இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவு இருக்கும் என்று நம்புவதில்லை. அடுத்து, அச்சில் உள்ள அலகையும் கேள்வி கேட்கும் அலகையும் வட்டமிட்டு, வேறுபட்டால் உடனே மாற்றுகிறாள். கடைசியாக, தடித்த கோடுகள் சந்திக்கும் இடத்தில் கோட்டின் இன்னொரு புள்ளியை எடுத்துப் பார்க்கிறாள். இந்த வரைபடத்தில் 2 சென்டிமீட்டருக்கு 1 நியூட்டன். அதிலும் 50 வந்தால் விடை சரி; 53.5 வந்திருந்தால் படித்ததில் கோளாறு. கோடு பூஜ்ஜியத்திலிருந்து நேராகப் போகும்வரைதான் இந்தக் கடைசிச் சோதனை செல்லும்.

"நேரம் போகாதா?" என்றேன். "அரை நிமிஷம், சித்தி. அந்தக் கேள்விக்கு மூணு மார்க்கு!"

ஒருமுறை மழையளவை மில்லிமீட்டருக்குப் பதிலாகச் சென்டிமீட்டர் என்று நேரலையில் வாசித்தவள் நான். இப்போது என் செய்தித்தாளிலும் அலகைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம் இருக்கிறது.